பச்சை முட்டை மயோனைஸுக்குக் கேரளமும் தமிழகமும் தடை விதித்தது ஏன்? பாஸ்சுரைஸ் முட்டை தயாராகும் முறையும் அதன் எல்லைகளும்

தம்பானூர் (திருவனந்தபுரம்): திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையமும் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்துள்ள பகுதி தம்பானூர். நாகர்கோவிலில் இருந்தும் கன்னியாகுமரியில் இருந்தும் வரும் தமிழ்ப் பயணிகள் இறங்கும் இடமும் இதுவே. இப்பகுதி உணவகங்களில் அல்ஃபாம், ஷவர்மா, குழிமந்தி ஆகியவற்றுடன் சிறு கிண்ணத்தில் பூண்டு மணக்கும் வெள்ளை நிற மயோனைஸ் வைக்கப்படுவது வழக்கம். கோழி இறைச்சி நெருப்பில் வெந்து வருகிறது. ஆனால் மயோனைஸ் அடுப்பைக் காண்பதே இல்லை. முட்டை, எண்ணெய், பூண்டு, உப்பு, சிறிது வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை மிக்சியில் அடித்தால் அது தயாராகிவிடுகிறது.

இந்தச் சிறு கிண்ணம்தான் 2023 ஜனவரியில் கேரள அரசின் கவனத்துக்கு வந்தது. கோட்டயத்தில் உணவக உணவை உண்ட செவிலியர் ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து மாநிலம் முழுவதும் உணவகங்களில் சோதனைகள் நடைபெற்றன. அதே மாதத்தில், பச்சை முட்டை கொண்டு தயாரிக்கப்படும் மயோனைஸுக்கு மாநில அரசு தடை விதித்தது. முட்டை சேர்க்காத மயோனைஸையோ, பாஸ்சுரைஸ் செய்யப்பட்ட முட்டையில் தயாரித்ததையோ பயன்படுத்தலாம் என்று அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் வீணா ஜார்ஜ் அறிவித்தார். தெலங்கானா அரசு 2024 அக்டோபரிலும், தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதலும் ஓராண்டுக்கு இதே வகைத் தடையை விதித்தன.

மூன்று மாநிலங்களும் மயோனைஸ் என்ற உணவைத் தடை செய்யவில்லை. வேகாத முட்டையில் அதைச் செய்வதையே தடை செய்தன. அவ்வாறெனில் பாஸ்சுரைஸ் செய்யப்பட்ட முட்டை எவ்வகையில் வேறுபட்டது? அதைப் பயன்படுத்தினால் மட்டும் கிண்ணம் பாதுகாப்பானதாகி விடுமா?

கிருமி ஓட்டுக்கு உள்ளேயும் இருக்கலாம்

முட்டையால் பரவும் நோய்களில் முதன்மையானது சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவால் வருவது. இது முட்டையை இரண்டு வழிகளில் அடைகிறது. முதல் வழி வெளியில் இருந்து. கோழியின் எச்சம் ஓட்டில் படிந்து, கீறல் வழியாகவோ, உடைக்கும்போதோ உள்ளே கலக்கிறது. ஓட்டைத் துடைத்தோ கழுவியோ இந்த ஆபத்தை ஓரளவு குறைக்கலாம்.

இரண்டாவது வழிக்கு அந்தத் தீர்வு இல்லை. சால்மோனெல்லா என்டரைட்டிடிஸ் என்ற வகை, நோய் அறிகுறி ஏதும் இல்லாத கோழியின் சூலகத்திலும் முட்டைக் குழாயிலும் தங்கக்கூடியது. ஓடு உருவாகும் முன்னரே அது கருவுடன் சேர்ந்துவிடுகிறது. அத்தகைய முட்டையின் ஓடு தூய்மையாக இருக்கும். உடைத்தால் நிறமோ மணமோ மாறியிருக்காது. தண்ணீரில் போட்டால் புதிய முட்டையைப் போலவே மூழ்கும். கண்ணாலும் மூக்காலும் அதைக் கண்டறிய இயலாது.

இவ்வாறு உள்ளே கிருமி கொண்ட முட்டைகள் மிகச் சிலவே. நாமக்கல்லில் இருந்து லாரியில் வரும் முட்டைகளுள் ஒன்றை எடுத்து வீட்டில் அரை வேக்காடாக உண்பவருக்கு ஆபத்து குறைவாக இருப்பது அதனால்தான். ஆனால் உணவகத்தில் பல முட்டைகளை ஒரே பாத்திரத்தில் உடைத்து ஊற்றுகிறார்கள். அவற்றுள் ஒன்றில் கிருமி இருந்தாலும் பாத்திரம் முழுவதும் பரவிவிடும். ஒருவருக்கு வர வேண்டிய நோய் அன்று மாலை அந்த மேசைகளில் அமரும் அனைவரையும் எட்டும் வாய்ப்பு இங்குதான் தொடங்குகிறது.

இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையே ஒரு குறுகிய இடைவெளி

பாலைப் பாஸ்சுரைஸ் செய்வது எளிது. 72 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 விநாடி வைத்தால் போதும், பால் திரியாது. முட்டையை அந்த வெப்பத்துக்குக் கொண்டுசென்றால் அது ஆம்லெட் ஆகிவிடும். வெள்ளைக் கரு ஏறத்தாழ 60 முதல் 62 டிகிரியிலும், மஞ்சள் கரு ஏறத்தாழ 65 டிகிரியிலும் கெட்டிப்படத் தொடங்குகின்றன.

சால்மோனெல்லா 55 டிகிரிக்கு மேல் மடியத் தொடங்குகிறது. ஆகவே முட்டையைப் பதப்படுத்துவோருக்குக் கிடைப்பது சில டிகிரி இடைவெளி மட்டுமே. இந்த இடைவெளிக்குள் வெப்பத்தைக் கூட்ட முடியாததால் நேரத்தைக் கூட்டுகிறார்கள். பாஸ்சுரைஸ் முட்டையின் தொழில்நுட்பம் முழுவதும் இந்த ஒரு கருத்தில் அடங்குகிறது.

வெப்பத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு நேர்விகிதமானது அல்ல. வெப்பம் 4 முதல் 5 டிகிரி குறைந்தால், அதே அளவு கிருமியைக் கொல்ல ஏறத்தாழ பத்து மடங்கு நேரம் தேவைப்படுகிறது. எனவே ஒரு டிகிரி பிசகும் இங்கு பெரிய பிழையாகிவிடும். ஒரு பக்கம் பிசகினால் கிருமி தப்பிக்கும், மறுபக்கம் பிசகினால் முட்டை வெந்துவிடும்.

திரவ முட்டை தயாராகும் முறை

உணவகங்களுக்கும் பேக்கரிகளுக்கும் பெரும்பாலும் கிடைப்பது உடைத்துப் பதப்படுத்திய திரவ முட்டையே. ஆலையில் முட்டைகள் முதலில் கழுவப்பட்டு, ஒளியின் முன் வைத்துப் பார்க்கப்படுகின்றன. கீறல் விழுந்தவையும் உள்ளே இரத்தப் புள்ளி உள்ளவையும் நீக்கப்படுகின்றன. பின்னர் இயந்திரம் ஓட்டை உடைத்து, தேவைக்கேற்ப வெள்ளைக் கருவையும் மஞ்சள் கருவையும் பிரிக்கிறது. ஓட்டுத் துண்டுகளும் கருவைப் பிடித்திருக்கும் வெண்ணிற இழைகளும் வடிகட்டப்படுகின்றன.

அடுத்து அந்தத் திரவம் மெல்லிய எஃகுத் தகடுகளுக்கு இடையே பாய்கிறது. தகட்டின் மறுபுறம் வெந்நீர் ஓடுகிறது. முட்டை மெல்லிய படலமாகப் பாய்வதால் எல்லாப் பகுதியும் சீராகச் சூடேறுகிறது. உரிய வெப்பத்தை அடைந்ததும் அது நீண்ட குழாய் ஒன்றுக்குள் செல்கிறது. அந்தக் குழாயைக் கடக்க ஆகும் நேரமே கிருமி கொல்லும் நேரம். அமெரிக்காவில் நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்ட அளவுப்படி, முழு முட்டைக் கலவைக்கு 60 டிகிரியில் 3.5 நிமிடம். விரைவில் கெட்டிப்படும் வெள்ளைக் கருவுக்கு 56.7 டிகிரியில் 3.5 நிமிடம். உப்பு அல்லது சர்க்கரை சேர்த்த மஞ்சள் கருவுக்கு 63 டிகிரிக்கு மேல் செல்ல வேண்டும். உப்பும் சர்க்கரையும் கருவை மட்டுமல்லாமல், அதில் உள்ள கிருமியையும் வெப்பத்தில் இருந்து காப்பதே காரணம்.

குழாயின் முடிவில் ஒரு தடுப்பு வால்வு உண்டு. அங்கே வெப்பம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், அந்தத் திரவம் முன்னே செல்லாமல் தொடக்கத் தொட்டிக்கே திருப்பி விடப்படும். அளவு சரியாக இருந்தால் உடனடியாக 4 டிகிரி அளவுக்குக் குளிரூட்டப்பட்டு, அட்டைப் பெட்டியிலோ பையிலோ அடைக்கப்படும்.

இதன் மற்றொரு வடிவம் முட்டைத் தூள். ஈரோடு பகுதியில் இருந்து இத்தூள் வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. வெள்ளைக் கருவைப் பொறுத்தவரை, அதிலுள்ள குளுக்கோஸை நீக்கி, உலர்த்தித் தூளாக்கிய பின் 54 டிகிரிக்குக் குறையாத சூடான அறையில் 7 நாள்கள் வைக்கும் முறை உண்டு. ஈரம் இல்லாததால் அந்த வெப்பத்தில் தூள் கெட்டிப்படுவதில்லை. நீண்ட நேரம் கிருமியைக் கொன்றுவிடுகிறது.

ஓட்டுடன் பாஸ்சுரைஸ் செய்வது எப்படி?

ஓட்டை உடைக்காமலே பதப்படுத்தும் முறை அமெரிக்காவில் வணிக அளவில் வழக்கத்துக்கு வந்தது. ஒரே எடை அளவிலான முட்டைகளைத் தேர்ந்து, ஏறத்தாழ 57 டிகிரி வெப்பமுள்ள நீர்த்தொட்டியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மூழ்க வைக்கிறார்கள். நீர் ஓரிடத்தில் சூடாகவும் ஓரிடத்தில் குளிர்ந்தும் இருக்காதபடி தொடர்ந்து கலக்கப்படுகிறது.

எடை ஒன்றாக இருக்க வேண்டிய காரணம் எளிது. வெப்பம் ஓட்டில் இருந்து மஞ்சள் கருவின் நடுப்பகுதியைச் சென்றடைய வேண்டும். பெரிய முட்டைக்கு அதற்கு அதிக நேரம் ஆகும். குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்த முட்டைக்கு இன்னும் கூடுதல் நேரம் ஆகும். நடுப்பகுதி உரிய வெப்பத்தை அடைந்த பிறகு கழியும் நேரமே கணக்கில் கொள்ளப்படும். கிருமிகளின் எண்ணிக்கை குறைந்தது ஒரு லட்சத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும் என்பது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அளவுகோல்.

குளியல் முடிந்ததும் முட்டைகள் குளிரூட்டப்படுகின்றன. ஓட்டில் உள்ள நுண்துளைகள் வழியாக மீண்டும் கிருமி நுழையாதபடி மெல்லிய மெழுகுப் பூச்சு பூசப்பட்டு, ஓட்டில் அடையாள முத்திரை இடப்படுகிறது.

இத்தகைய முட்டையை உடைத்தால் வெள்ளைக் கரு சற்று மங்கலாகத் தெரியும். அது கெட்டதன் அறிகுறி அல்ல, வெப்பத்தால் புரதத்தின் ஒரு பகுதி மாறியதன் விளைவே. அடித்து நுரைக்கும்போது வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஆகும். சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் நுரை நிலைக்கும். மயோனைஸுக்கு இந்த மாற்றம் தடையாகாது. எண்ணெயையும் நீரையும் பிணைக்கும் வேலையை முதன்மையாகச் செய்வது மஞ்சள் கரு. அதன் அத்திறன் இந்த வெப்பத்தில் பெரிதும் குறைவதில்லை.

ஒரு மாலைப் பொழுதின் கணக்கு

தம்பானூர் போன்ற ஓரிடத்தில், ஒரு உணவகம் மாலை 4 மணிக்கு மயோனைஸ் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். 10 முட்டைகளும் ஏறத்தாழ 3 லிட்டர் எண்ணெயும் சேர்ந்து ஏறத்தாழ 3.3 கிலோ மயோனைஸ் கிடைக்கிறது. கிண்ணத்துக்கு 30 கிராம் வீதம் 110 பேருக்கு அது போதும். பத்து முட்டைகளுள் ஒன்றில் 100 சால்மோனெல்லா கிருமிகள் இருந்தன என்று கொள்வோம். புளிப்பு பிடிக்காத வாடிக்கையாளர்களுக்காக வினிகர் மிகக் குறைவாகவே சேர்க்கப்பட்டது. பாத்திரம் அடுப்படி மேசையில், 30 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. 40 நிமிடத்துக்கு ஒருமுறை கிருமிகள் இரட்டிப்பாவதாகக் கணக்கிடுவோம்.

4 மணிக்கு ஒரு கிண்ணத்துக்கு ஒரு கிருமிகூட இல்லை. இரவு 10 மணிக்குள் ஒன்பது முறை இரட்டிப்பாகி, 100 என்பது 51,200 ஆகிறது. கிண்ணம் ஒன்றுக்கு ஏறத்தாழ 465. நல்ல உடல்நிலை உள்ளவருக்கு நோய் வர இதைவிடக் கூடுதல் எண்ணிக்கை பெரும்பாலும் தேவைப்படும். எனினும் கொழுப்பு நிறைந்த உணவில் உள்ள கிருமிகள் இரைப்பை அமிலத்தில் இருந்து தப்புவதால், குறைந்த எண்ணிக்கையே போதுமானதாக இருந்த நிகழ்வுகள் உண்டு. மீதத்தைப் பார்சலில் கொடுத்து, அது இரவு முழுவதும் பேருந்துப் பயணத்தில் சூட்டிலேயே இருந்தால் எண்ணிக்கை லட்சங்களைத் தொடும்.

இப்போது அதே கணக்கைப் பாஸ்சுரைஸ் முட்டையுடன் பார்ப்போம். லட்சத்தில் ஒன்றாகக் குறைக்கும் முறையில் அந்த 100 கிருமிகள் 0.001 ஆகின்றன. அதாவது, இத்தகைய கிருமி முட்டைகள் ஆயிரத்தைப் பதப்படுத்தினால் அவற்றுள் ஏதேனும் ஒன்றில் ஒரே ஒரு கிருமி தப்பியிருக்கலாம். பெருகுவதற்கு எதுவும் இல்லாதபோது ஆறு மணி நேரமும் முட்டையில் இருந்து ஆபத்தை உருவாக்காது. பச்சை முட்டைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பாஸ்சுரைஸ் முட்டை காக்காத இடம்

ஆனால் மேற்கண்ட கணக்கில் கிருமி முட்டையில் இருந்து மட்டுமே வருவதாகக் கொண்டோம். அதே சமையலறையில் பச்சைக் கோழி இறைச்சி வெட்டப்படுகிறது. கோழியைத் தொட்ட கையோ, சரியாகக் கழுவாத மிக்சி ஜாரோ 100 கிருமிகளைப் பாஸ்சுரைஸ் மயோனைஸுக்குள் கொண்டுவந்தால், இரவு 10 மணிக்கு அதே 51,200 தான். பாஸ்சுரைஸ் செய்தல் ஏற்கெனவே இருந்த கிருமியைக் கொல்கிறது. பின்னர் வருவதைத் தடுக்கும் பொருள் எதையும் அது முட்டையில் விட்டுச் செல்வதில்லை.

இதற்கு உலகம் அறிந்த சான்று அமெரிக்காவில் 1994-இல் நிகழ்ந்தது. ஷ்வான்ஸ் நிறுவனத்தின் ஐஸ்கிரீம் கலவை முறைப்படி பாஸ்சுரைஸ் செய்யப்பட்டிருந்தது. ஆனால் அதை ஏற்றிச் சென்ற டேங்கர் லாரிகள், அதற்கு முன் பாஸ்சுரைஸ் செய்யாத திரவ முட்டையை ஏற்றிச் சென்றவை. லாரியில் எஞ்சியிருந்த சால்மோனெல்லா கலவையில் சேர்ந்தது. கலவை மீண்டும் சூடாக்கப்படவில்லை. ஏறத்தாழ 2 லட்சத்து 24 ஆயிரம் பேர் நோயுற்றிருக்கலாம் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

கேரள அரசு 2023-இல் தடையுடன் நிறுத்தாமல், பார்சல் உணவுகளில் தயாரித்த நாள், நேரம், எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும் என்ற விவரங்கள் கொண்ட சீட்டை ஒட்டுவதையும் கட்டாயமாக்கியது. முட்டை எது என்பதைத் தடை கவனிக்கிறது. எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது என்பதைச் சீட்டு கவனிக்கிறது. மயோனைஸைப் பொறுத்தவரை இவ்விரண்டும் சேர்ந்தே பாதுகாப்பாகின்றன. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அல்ல. முட்டையே இல்லாத பால் அல்லது சோயா மயோனைஸுக்கும் இந்த இரண்டாவது விதி பொருந்தும்.

புளிப்பும் ஒரு பாதுகாப்பு அரண். போதிய வினிகர் சேர்த்து, அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு 4.1 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் சால்மோனெல்லா பெருகாமல் மெல்ல மடியும். ஆலையில் தயாராகும் பாட்டில் மயோனைஸ் இந்த அளவைப் பின்பற்றுகிறது. கடையில் அடிக்கும் மென்சுவை மயோனைஸில் புளிப்பு அந்த அளவை எட்டுவது அரிது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பும் பழத்துக்குப் பழம் மாறும். சுவைத்துப் பார்த்து இதை அறிய முடியாது.

எந்த உணவுக்குத் தேவை, எதற்குத் தேவையில்லை?

முட்டை சேர்த்த பிறகு சூடு காணாத உணவுகளுக்கே பாஸ்சுரைஸ் முட்டை பொருள் தருகிறது. மயோனைஸ், சீசர் சாலட் சாஸ், டிராமிசு, சாக்லேட் மூஸ், வெள்ளைக் கருவில் அடிக்கும் கேக் ஐசிங், பச்சை முட்டை கலந்த பால் ஆகியவை இவ்வகையில் அடங்கும். இவற்றில் முட்டையை வேக வைத்தால் உணவின் தன்மையே மாறிவிடும்.

கேரமல் புட்டிங், கேக், முட்டை ரோஸ்ட், முழுதாக வெந்த ஆம்லெட் ஆகியவற்றுக்கு அந்தக் கூடுதல் செலவு வேண்டியதில்லை. அடுப்பே அவ்வேலையைச் செய்துவிடுகிறது. முட்டை உணவின் நடுப்பகுதி 71 டிகிரியை எட்டினால் சால்மோனெல்லா உடனடியாக மடியும்.

பாஸ்சுரைஸ் முட்டை கிடைக்காத வீட்டில் இந்த 71 டிகிரியைக் கொண்டே மாற்று வழி காணலாம். டிராமிசு, மூஸ் போன்றவற்றுக்கு மஞ்சள் கருவைச் சர்க்கரையுடனும் சிறிது பாலுடனும் கலந்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறிக்கொண்டே 71 டிகிரி வரை சூடாக்கலாம். தனி மஞ்சள் கரு அதற்கு முன்பே கட்டிபடும். ஆனால் சர்க்கரையும் பாலும் கட்டிபடுவதைத் தள்ளிப்போடுவதால் கலவை குழைவாகவே இருக்கும். இதற்குச் சமையல் வெப்பமானி வேண்டும், கண் மதிப்பு போதாது. ஐசிங்குக்கு வெள்ளைக் கருத் தூளை நீரில் கரைத்துப் பயன்படுத்தலாம்.

வீட்டில் முட்டையை வெதுவெதுப்பான நீரில் போட்டு வைத்தால் பாஸ்சுரைஸ் ஆகிவிடும் என்று காட்டும் காணொளிகளை நம்ப வேண்டாம். அடுப்பில் உள்ள பாத்திரத்தின் நீரை 57 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஏறாமல் இறங்காமல் நிறுத்துவது கைப்பழக்கத்தால் இயலாது. 53 டிகிரிக்கு இறங்கினால் தேவைப்படும் நேரம் ஏறத்தாழ பத்து மடங்காகிறது. சிறுகுழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் உண்ணும் உணவில் இத்தகைய சோதனை முயற்சி கூடாது. இவர்களுக்குச் சால்மோனெல்லா வயிற்றுப்போக்குடன் நிற்காமல் இரத்தத்தில் கலக்கவும் கூடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பெட்டியில் 'பாஸ்சுரைஸ் செய்யப்பட்டது' என்ற சொல் நேரடியாக இருக்க வேண்டும். 'கழுவியது', 'புற ஊதாக் கதிரில் தூய்மை செய்தது', 'மூலிகைத் தீவனம் உண்ட கோழி', 'நாட்டுக்கோழி முட்டை' ஆகிய எதுவும் அதற்கு இணையாகாது. கழுவுதலும் புற ஊதாக் கதிரும் ஓட்டின் வெளிப்புறத்தை மட்டுமே தொடுகின்றன. உள்ளே இருக்கும் கிருமியை அவை எட்டுவதில்லை.

பிரிட்டனில் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, சிங்க முத்திரை இட்ட முட்டைகளைக் கர்ப்பிணிகளும் முதியோரும் பச்சையாக உண்ணலாம் என்று அந்நாட்டு உணவுத் தர முகமை 2017-இல் அறிவித்தது. அந்த அறிவுரை அம்முத்திரை உள்ள முட்டைகளுக்கு மட்டுமே உரியது. நம் ஊர்க் கடையில் தட்டில் அடுக்கி விற்கப்படும் முட்டைகளுக்கு அதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

திரவ முட்டையை வாங்குவோர் பெட்டி குளிர்ச்சியாக இருப்பதையும் காலாவதி தேதியையும் பார்க்க வேண்டும். திறந்த பின் 5 டிகிரிக்குக் கீழே வைத்து, பெட்டியில் குறிப்பிட்ட நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். பயன்படுத்திய மீதத்தை மீண்டும் பெட்டிக்குள் ஊற்றக் கூடாது. தூளை நீரில் கரைத்த நொடியில் இருந்து அதுவும் எளிதில் கெடும் உணவாகிவிடுகிறது.

உணவகத்தில் அமர்பவர் கிருமியைக் காண முடியாது. ஆனால் இரண்டு கேள்விகளைக் கேட்க முடியும். இது எந்த முட்டையில் செய்தது? எப்போது செய்தது, அதுவரை எங்கே இருந்தது? இவ்விரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம். முதல் கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்து, கிண்ணம் வெதுவெதுப்பாக இருந்தால் தள்ளி வைப்பதே நல்லது. பார்சல் வாங்கிப் பேருந்தில் ஏறுவோர், சீட்டில் உள்ள நேரத்தை ஊர் சேரும் நேரத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஊர் சேரும் முன்னரே அந்த நேரம் முடிந்துவிடும் எனில், மயோனைஸை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டுச் செல்லலாம்.